ரசீதும் பாஸ்புக்கும் ஒரே கணக்கைச் சொல்லட்டும்

2024 ஏப்ரல் 8 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டது. வாடகைப் படி கோரியவர்கள் மீது நாடு முழுக்கப் பழைய கணக்குகளைக் கிளறும் தனி நடவடிக்கை எதுவும் நடக்கவில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்றது அது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. 2020-21 நிதியாண்டில் பெரிய தொகை கோரிய சிலருடைய கணக்கில், ஊழியர் 'கொடுத்தேன்' என்று சொன்ன வாடகையும் வீட்டு உரிமையாளர் 'வாங்கினேன்' என்று காட்டிய வாடகையும் ஒத்துப்போகவில்லை, அவற்றைச் சரிபார்க்கக் கேட்டோம் என்பதுதான் அது. மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பகுதியைத்தான்.

நம்மில் பலருக்கு எச்.ஆர்.ஏ. என்பது ஜனவரி மாத வேலை. 'ப்ரூஃப் கொடுங்கள்' என்று அலுவலகத்திலிருந்து மெயில் வரும். ரசீதுப் புத்தகம் வாங்கி, ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு ரசீது எழுதி, ஓனரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த ரசீது அலுவலகக் கோப்போடு நின்றுவிடுவதில்லை. வருட வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனருடைய பான் எண்ணைப் படிவம் 12பிபி-யில் எழுதித் தருகிறோம் இல்லையா? நிறுவனம் கடைசிக் காலாண்டுக்கான டி.டி.எஸ். அறிக்கையில் (படிவம் 24க்யூ) அந்தப் பான் எண்ணையும் வருமான வரித் துறைக்கு அனுப்புகிறது. அது ஓனருடைய பெயரில் இருக்கும் ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கைக்குப் போய்ச் சேர்கிறது. நாம் ஒன்று சொல்லி, அவர் வேறொன்று சொன்னால் அங்கே தெரிந்துவிடும். அப்போது கேள்வி நம்மிடமும் வரலாம், அவரிடமும் வரலாம்.

அதனால் ரசீது கிழிக்கும் வேலை ஜனவரியில் தொடங்கக் கூடாது. வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் அது தானாக நடந்திருக்க வேண்டும். இதற்கு மூன்று தாள்கள் போதும்: வாடகை ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், ரசீது. மூன்றும் தனித்தனியாகச் சரியாக இருப்பது பெரிதல்ல. மூன்றிலும் ஒரே பெயர், ஒரே தொகை, ஒரே மாதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது பெயரில். வேளச்சேரியிலோ கோவை சாயிபாபா காலனியிலோ வீடு பார்க்கப் போகிறோம். வீடு அப்பா பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். வாடகை எந்த நம்பருக்கு அனுப்புவது என்று கேட்டால், "எனக்கு இந்த ஜிபே எல்லாம் தெரியாது தம்பி, பையன் நம்பருக்குப் போட்டுடுங்க" என்பார். அடுத்த பதினோரு மாதமும் பணம் மகனுடைய கணக்குக்குப் போகும். ரசீதில் கையெழுத்து அப்பாவுடையது. பான் எண்ணும் அப்பாவுடையது. எல்லோரும் நேர்மையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டேட்மென்டை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, நீங்கள் ஓனருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததாகத் தெரியாது.

இதற்குத் தீர்வு ஓனரை வற்புறுத்துவதல்ல. ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்: வாடகையை இன்னாருடைய இந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், அப்படிச் செலுத்துவது உரிமையாளருக்கே செலுத்தியதாகும் என்று. ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால், அதே வாசகத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தேதியோடு அவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்து, ஒருவர் மட்டும் வாடகை வாங்கினாலும் இதுதான் வழி. பான் எண்ணைப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளாமல் பான் கார்டின் ஜெராக்ஸைக் கேட்டு வாங்குங்கள். பத்து எழுத்தில் ஒன்று மாறினால், நீங்கள் கொடுத்த வாடகை முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய ஏ.ஐ.எஸ்.ஸில் ஏறலாம்.

நம் பக்கத்துப் பெயரும் முக்கியம். எச்.ஆர்.ஏ. கோருவது மனைவி, ஒப்பந்தம் கணவர் பெயரில், பணம் போவது கணவர் கணக்கிலிருந்து என்றால், மனைவி வாடகை கொடுத்ததற்குச் சான்று எங்கே? சட்டம் கேட்பது, கோருபவர் உண்மையிலேயே வாடகைச் செலவு செய்திருக்க வேண்டும் என்பது. ஆகவே கோருபவர் பெயரில் ஒப்பந்தம், கோருபவர் கணக்கிலிருந்து பணம்.

நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீடுகளில் இது இன்னும் குழப்பம். ஒருவர் ஓனருக்கு மொத்தமாக 24,000 அனுப்புவார். மற்ற மூவரும் அவருக்கு ஆளுக்கு 6,000 ஜிபே செய்வார்கள். மூவருடைய ஸ்டேட்மென்டிலும் நண்பன் பெயர்தான் இருக்கும், ஓனர் பெயர் இருக்காது. ஒப்பந்தத்தில் நால்வர் பெயரையும் எழுதி, அவரவர் பங்கை அவரவரே ஓனருக்கு அனுப்பி, தனித்தனி ரசீது வாங்குவதே நல்லது. நான்கு சிறிய தொகைகள் வருவதை எந்த ஓனரும் பெரிதாக மறுக்கமாட்டார். முதல் மாதமே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி தொகையும் மாதமும். இதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஆள் கற்பனை, நிலைமை சென்னையில் அன்றாடம் நடப்பது. 2024-25 நிதியாண்டு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியான கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெண் ஊழியர். மாதச் சம்பளம் 85,000: பேஸிக் 50,000, எச்.ஆர்.ஏ. 20,000, மற்றவை 15,000. வேளச்சேரியில் வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 1,500. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் இரண்டையும் சேர்த்து 19,500 ஜிபே செய்கிறார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இப்படிப் போகிறது. ஜனவரி கடைசியில் காலி செய்வதாக முடிவாகிறது. ஓனரிடம் அட்வான்ஸ் 54,000 இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாத வாடகையையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த இரண்டு மாதமும் 1,500 மட்டும் அனுப்புகிறார். மீதி 18,000-ல் பெயின்டிங்குக்கு 8,000 பிடித்துக்கொண்டு 10,000-ஐ ஓனர் திருப்பி அனுப்புகிறார். இதற்கிடையில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் 60,000. பிப்ரவரி, மார்ச் வாடகை தலா 20,000.

இந்த வருடம் அவருடைய ஸ்டேட்மென்டில் இரண்டு ஓனர்களுக்கும் போன தொகையை அப்படியே கூட்டினால் 2,59,000 வரும். கொடுத்த வாடகை அதுவல்ல. பழைய வீட்டில் பத்து மாதம் 18,000, புது வீட்டில் இரண்டு மாதம் 20,000, ஆக 2,20,000. மெயின்டனன்ஸ் வாடகையில் சேராது, ஈ.பி. பில்லும் தண்ணீர்க் காசும் சேரா, அட்வான்ஸ் சேராது, பெயின்டிங் பிடித்ததும் சேராது. ஆனால் அட்வான்ஸில் கழித்த இரண்டு மாதம் வாடகைதான். பணம் முன்பே அவர் கைக்குப் போய்விட்டது என்பதே வித்தியாசம்.

வரிவிலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அது. வாங்கிய எச்.ஆர்.ஏ. ஒன்று. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் இருந்தால் பேஸிக்கில் பாதி, மற்ற ஊர்களில் 40 சதவீதம் என்பது இரண்டாவது. கொடுத்த வாடகையிலிருந்து பேஸிக்கின் 10 சதவீதத்தைக் கழித்தது மூன்றாவது. ஓய்வுகாலப் பலன்களுக்குக் கணக்கில் சேரும் டி.ஏ. இருந்தால் அதையும் பேஸிக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இவருக்கு அது இல்லை. வாடகை மாறினால் கணக்கையும் அங்கே பிரிக்க வேண்டும். பழைய வீட்டில் மாதம் 18,000-ல் 5,000 போக 13,000, பத்து மாதத்துக்கு 1,30,000. புது வீட்டில் மாதம் 15,000, இரண்டு மாதத்துக்கு 30,000. மற்ற இரண்டு தொகைகளும் இதைவிட அதிகம் என்பதால் விலக்கு 1,60,000.

இவர் பழைய வரி முறையில் இருக்கிறார். புதிய முறையில் எச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது. 2023-24 முதல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும் என்பதால், ஆண்டுத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, பி.எஃப். முதலான சேமிப்பு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, இந்த எச்.ஆர்.ஏ. எல்லாம் கழித்தால் செஸ் உட்பட வரி 41,080. புதிய முறையில் இருந்திருந்தால் 46,280. ஆக அவருக்குப் பழைய முறையால் லாபம் ஐயாயிரத்துச் சொச்சம்தான். எச்.ஆர்.ஏ.வை ஏற்க மறுத்துவிட்டால் பழைய முறையில் வரி 74,360 ஆகிவிடும். அவர் எந்த முறையைத் தேர்ந்தது சரி என்பதையே இந்த வாடகைச் சான்றுதான் தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாய வேண்டாம் என்று பிடிவாதமாகவே சொல்வேன்.

இப்போது அவருடைய கோப்பைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ரசீதில் 18,000, ஸ்டேட்மென்டில் 19,500. ஒப்பந்தத்தில் வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 1,500 என்று பிரித்து எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. 'மாதம் 19,500' என்று மொட்டையாக எழுதியிருந்தால் விளக்கம் கேட்க இடமிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் எளிது. அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். பல வங்கிகளில் அந்த வாசகம் ஸ்டேட்மென்டிலேயே பதிவாகும்:

```
RENT APR 2024
MAINT APR 2024
```

எந்த மாதத்துக்கு என்பது ஏன் முக்கியம் என்றால், சில ஓனர்கள் மாதத் தொடக்கத்தில் அந்த மாத வாடகையை வாங்குவார்கள், சிலர் மாதம் முடிந்து வாங்குவார்கள். மார்ச் வாடகை ஏப்ரல் 3-ஆம் தேதி போனால் அது எந்த வருடக் கணக்கு என்ற குழப்பம் இந்த ஒரு குறிப்பால் தீர்ந்துவிடும்.

பெரிய ஓட்டை டிசம்பர், ஜனவரியில் இருக்கிறது. ஸ்டேட்மென்டில் வாடகையே இல்லை, ஆனால் ரசீது இருக்கிறது. போடாத பணத்துக்கு ரசீதா என்ற சந்தேகம் இயல்பாக வரும். அதனால் அந்த மாதங்களுக்கு வழக்கமான 'பெற்றுக்கொண்டேன்' ரசீது வாங்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதி வாங்க வேண்டும்:

```
டிசம்பர் 2024 மாத வாடகை ரூ. 18,000-ஐ என்னிடம் உள்ள
அட்வான்ஸ் ரூ. 54,000-லிருந்து கழித்துக்கொண்டேன்.
மீதி அட்வான்ஸ் ரூ. 36,000.
```

ஜனவரிக்கும் அதே மாதிரி, மீதி 18,000 என்று. இதோடு, அட்வான்ஸ் 54,000 கொடுத்த அன்றைய ஸ்டேட்மென்ட் பக்கமும் தேவை. அது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருக்கும், எனவே வீட்டுக்குக் குடிவந்த நாளிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கடிதங்களைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் வாங்குங்கள். காலி செய்த பிறகு ஓனரைத் தேடிப்போய்க் கையெழுத்துக் கேட்பது இருவருக்குமே சங்கடம்.

புது வீட்டில் இன்னொரு தவறு நடக்கும். இந்த வருடம் அந்த ஓனருக்குப் போனது 40,000 மட்டும், ஒரு லட்சத்துக்குக் கீழே, பான் எண் வேண்டாம் என்று நினைப்பார்கள். படிவம் கேட்பது வருடத்தில் கொடுத்த மொத்த வாடகையை. இவருக்கு அது 2,20,000. ஆகவே இரு ஓனர்களுடைய பான் எண்ணும் வேண்டும். ஓனருக்கு உண்மையிலேயே பான் இல்லை என்றால், பெயர் முகவரியுடன் அவரே கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கித் தரலாம். பான் இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்பவரிடம் அப்படி எழுதி வாங்குவது தவறு. அதில் கையெழுத்திடுவது அவர், ஆனால் அலுவலகத்தில் அதைக் கொடுத்து விலக்குக் கேட்பது நாம்.

ரசீது எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. வாடகைதாரர் பெயர், வீட்டு முகவரி, எந்த மாதம், தொகை, பணம் வந்த விதம், ஓனர் பெயர், பான், கையெழுத்து, தேதி. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. வங்கி வழியாகப் பணம் போயிருந்தால், ஸ்டேட்மென்டில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணையும் ரசீதில் குறித்துவிடுங்கள். யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்க எண். அந்த ஒரு எண் ரசீதையும் ஸ்டேட்மென்டையும் கட்டிப்போட்டுவிடும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பலர் சொல்கிறார்கள். அது ஞாபகத்துக்கு உதவும், சான்றாக வங்கி தரும் ஸ்டேட்மென்டே நிற்கும்.

ரொக்கமாக வாடகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கேள்வி வந்தால் ரசீதை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கும். மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதில் அடிக்கடி பேசப்படுகிறது. தாயாருக்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாக ஒருவர் விலக்குக் கோரினார். ரசீது இருந்தது. ஒப்பந்தமோ, பணம் கைமாறியதற்கு வங்கித் தடயமோ காட்ட முடியவில்லை. விலக்கு மறுக்கப்பட்டது. பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு வாடகை கொடுப்பதே கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், பணம் மாதாமாதம் அவர்கள் கணக்கில் விழ வேண்டும், அவர்கள் அதைத் தங்கள் வருமானமாகக் கணக்கில் காட்ட வேண்டும். கொடுத்த பணம் அடுத்த வாரமே நம் கணக்குக்குத் திரும்பி வந்தால் அது வாடகை ஆகாது. கொடுக்காத வாடகைக்கு ரசீது காட்டி மாட்டினால், தவிர்த்த வரியோடு அதன் இரு மடங்கு வரை அபராதமும் கட்ட நேரிடலாம்.

ஜனவரியில் அலுவலகத்துக்குக் கொடுக்கும்போது பிப்ரவரி, மார்ச் வாடகை இன்னும் போயிருக்காது. பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தையும் உறுதிமொழியையும் வைத்து அந்த இரண்டு மாதத்தையும் ஏற்கின்றன. அந்த இரண்டு ரசீதையும் பிறகு வாங்கி உங்கள் கோப்பில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். கடைசி நாளைத் தவறவிட்டு நிறுவனம் வரியைப் பிடித்துவிட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தேர்ந்து, விலக்கை அங்கேயே கோரி, பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். நிறுவனம் தந்த படிவம் 16-க்கும் உங்கள் கணக்குக்கும் அப்போது வித்தியாசம் தெரியும் என்பதால், மூன்று தாள்களும் பொருந்தியிருப்பது இன்னும் அவசியமாகிறது.

மாத வாடகை 50,000-ஐத் தாண்டினாலோ, ஓனர் வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தாலோ, வாடகையில் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகைதாரரிடமே வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இந்த 50,000 வரம்புகூடக் கிடையாது. அப்படி இருந்தால் முதல் மாத வாடகைக்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பது? 2024-25 நிதியாண்டின் மதிப்பீட்டு ஆண்டு 2026 மார்ச் 31-ல் முடிகிறது. கணக்கில் விடுபட்டதாகத் துறை கருதும் வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால், அதன்பின் மூன்று ஆண்டு மூன்று மாதம் வரை கணக்கைத் திறக்க நோட்டீஸ் வரலாம். அதாவது 2029 ஜூன் வரை. அதற்குள் நாம் வீடு மாறியிருப்போம், பழைய ஓனருடைய நம்பர் மாறியிருக்கும், வேலையே மாறியிருக்கும். பழைய நிறுவனத்தின் மெயில் பெட்டி மூடப்பட்டிருக்கும், அதில் ஏற்றிய ஸ்கேன்களும் போயிருக்கும். பழைய சம்பளக் கணக்கையும் பலர் மூடிவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு காலாண்டும் ஸ்டேட்மென்டை வங்கித் தளத்திலிருந்து பி.டி.எஃப். ஆக இறக்கி, ரசீது, ஒப்பந்தம், ஓனரின் பான் ஜெராக்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து, நிதியாண்டு வாரியாக உங்கள் சொந்த மெயிலிலோ பென்டிரைவிலோ வைத்திருங்கள். கணக்கை மூட வங்கிக்குப் போகும் நாளில், அதுவரை வாடகை போன எல்லா மாதங்களின் ஸ்டேட்மென்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.